வெண்பலகையில் பச்சை எழுத்து

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, காய்கறிப் பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைப்பேசியில் என் கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நம்பவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் கணக்கியல் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டு, அதன் வாலைக் கொஞ்சம் சுருட்டி விடுவது என் கை மட்டும்தான். கேள்விக்குக் கறுப்பு, செய்முறைக்கு நீலம், மாணவர்கள் வழக்கமாக விழும் குழிக்குச் சிவப்பு. அதுவும் என் வழக்கம். என் பேனா அந்தச் சின்னத் திரையில் பேய் பிடித்ததுபோல் பறந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் என் மாணவி இல்லை. என் வகுப்பில் கேமராவை அணைத்துவைப்பவர்கள்தான் அதிகம் என்றாலும், பதிவுசெய்த முதல் வாரம் எல்லாரிடமும் ஒருமுறை முகத்தைக் காட்டச் சொல்லிவிடுவேன். இந்த முகம் அதில் இல்லை.

குனிந்து கேட்டேன். "அக்கவுண்டிங்காம்மா?"

அவள் ஒரு காதுக் கருவியைக் கழற்றினாள். "ஆமா ஆன்ட்டி. எக்ஸாம் வருதுலா."

"டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்களா?"

"ஓகேதான். ஆனா ரொம்ப ஸ்லோ. டபுள் ஸ்பீட்ல போட்டாத்தான் பாக்க முடியுது. இல்லன்னா தூக்கம் வந்துடும்."

என் குரல் அவள் காதில் இருந்தது. அதே குரல் அவள் தலைக்கு மேலேயும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இரட்டை வேகத்தில் மட்டுமே என்னைக் கேட்டவளுக்கு, சாதாரண வேகத்தில் நான் யாரோ ஒரு ஆன்ட்டி.

"எங்கம்மா கிடைச்சது இந்தப் பாடம்?"

"யாரோ ஃபார்வர்ட் பண்ணாங்க" என்றாள். அதற்குமேல் பேச விருப்பமில்லாமல் கருவியை மாட்டிக்கொண்டு, நான் எட்டிப் பார்க்க முடியாதபடி கைப்பேசியைச் சாய்த்துக்கொண்டாள். என் பாடத்தை என்னிடமிருந்தே மறைத்தாள்.

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கியல் விரிவுரையாளராக இருந்தேன். அதை விட்டுவிட்டு, சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து இணையத்தில் பாடம் நடத்தத் தொடங்கினேன். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். விளக்கம் தமிழில் இருக்கும். அதுதான் என் கடையின் சரக்கு. செவ்வாய் மாலை டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள். சனிக்கிழமை காலை, வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறைத் தேர்வு எழுதுகிறவர்கள். டேப்லட்டில் ஒரு வெண்பலகைச் செயலி. அதன் திரையை வகுப்போடு பகிர்ந்துகொண்டு எழுதுவேன். என் முகம் தெரியாது. பலகையும் பேனாவும் குரலும் மட்டும். வகுப்பு முடிந்தால் பதிவு தானாகக் கணக்கில் ஏறும். இணைப்பைப் பணம் கட்டியவர்களுக்கு அனுப்புவேன்.

வருடம் முழுக்க யாரும் பதிவைப் பார்ப்பதில்லை. தேர்வுக் காலம் வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். பருவத் தொடக்கத்தில் காணாமல் போனவர்கள் எல்லாம் உயிர்த்தெழுந்து வருவார்கள். "டீச்சர், கன்சாலிடேஷன் மட்டும் ஒரே மணி நேரத்துல முடிச்சிடலாமா?" "டீச்சர், எது கண்டிப்பா வரும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் வேணாம்." எட்டுமாதக் கர்ப்பிணி மாதிரி என் வாட்ஸ்அப் வீங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் கூடுதல் வகுப்பு போட்டால் நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்படிப்பட்ட காலத்தில்தான் என் பாடம் ரயிலில் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "புகழ் பரவுது. சந்தோஷப்படு."

"திருடு போகுதுங்கிறேன்."

"திருடு போற அளவுக்குச் சரக்கு இருக்கே, அதுக்குச் சந்தோஷப்படு" என்றார்.

அவரோடு பேசிப் பயனில்லை. நானே துப்பறிவது என்று முடிவு செய்தேன். உள்ளபடி சொன்னால், எனக்கு அதில் ஒரு குஷிகூட இருந்தது. வருடக்கணக்கில் மற்றவர்களின் ஐந்தொகை ஏன் சமமாகவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவள், சொந்தமாக ஒரு மர்மம் கிடைத்தால் விடுவாளா?

பொறி எளிமையானது. இரண்டு வகுப்புக்கும் அந்த வாரம் ஒரே பாடம்: குழும நிறுவனக் கணக்கு. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் இரண்டின் கணக்கையும் எப்படிச் சேர்ப்பது என்பது. செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகளுக்கு, தோசைமாவு நிறுவனம் ஒன்று சட்னி நிறுவனத்தை வாங்கியது. சனிக்கிழமைக்காரர்களுக்கு, கறிபஃப் நிறுவனம் உருளைக்கிழங்கு நிறுவனத்தை வாங்கியது. வெளியே தோசைமாவு தென்பட்டால் திருடன் செவ்வாய். கறிபஃப் தென்பட்டால் சனி.

எனக்குச் சனிக்கிழமை மேல்தான் சந்தேகம். அதிலும் குறிப்பாகக் கிராஞ்சியில் ஒரு நாற்றுப்பண்ணையில் கணக்கு பார்க்கும் ஓர் ஆள் மேல். அவர் கேமரா எப்போதும் அணைந்தே இருக்கும். கேள்வி கேட்கமாட்டார். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக "டீச்சர், ரெக்கார்டிங்?" என்று மட்டும் செய்தி அனுப்புவார். திருடனுக்கு இதைவிட என்ன இலட்சணம் வேண்டும்?

சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கும்போது, குரலில் கொஞ்சம் சீனியைத் தடவி, "நம்ம பாடத்தை வெளியில அனுப்பி யாரோ புண்ணியம் தேடிக்கிறாங்க போலிருக்கு. அவங்களுக்கு ஆண்டவன் பாஸ் மார்க் மட்டும் போடட்டும், அதுக்கு மேல ஒண்ணும் போட வேண்டாம்" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் கிராஞ்சிக்காரர் தனியாக எழுதினார். "டீச்சர், என்னைச் சொல்றீங்களா? எனக்கு ரெக்கார்டிங் ஓடவே மாட்டேங்குது. பஸ் வர்றதுக்குள்ள டவுன்லோட் பண்ணலாம்னு பாப்பேன், பண்ணை பக்கம் சிக்னல் வராது. போன மாசப் பாடமே இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு."

சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தின் படத்தையும் சாட்சிக்கு அனுப்பியிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது. கோப்பின் அளவைக் குறைத்து அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன்.

அடுத்த வாரத்தில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் சந்தேகம் கேட்பதற்கென்று என் எண்ணைப் பலகையில் எழுதுவது வழக்கம். அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

"ஹலோ டீச்சர். கறிபஃப் கம்பெனில குட்வில் பாசிட்டிவா வருது. தோசைமாவு கம்பெனில நெகட்டிவா வருது. நான் தப்பா போட்டேனா?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறிபஃப்பும் தோசைமாவும்! ஒரே ஆளிடம் இரண்டும்! பொறியில் இரண்டு பக்கத்து எலியும் சேர்ந்து விழுந்திருந்தன. இரண்டு வகுப்பின் பதிவும் கையில் உள்ள ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதுதான் என் பலவீனம். திருட்டுப் பாடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாலும் நல்ல கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கொடுத்த விலை, வெளியார் பங்கு, இரண்டையும் கூட்டி, வாங்கிய நிறுவனத்தின் நிகரச் சொத்தைக் கழித்தால் வருவது குட்வில். சட்னி நிறுவனத்தை அதன் மதிப்பைவிட மலிவாக வாங்கியதால் எதிர்மறையாக வருகிறது; முதலில் சொத்து மதிப்புகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்; சரியென்றால் அதை இலாபமாக எழுத வேண்டும். இப்படி விரிவாக எழுதி அனுப்பிவிட்டு, கடைசியில் "நீங்க யாரு?" என்று கேட்டேன்.

நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த எண் வாயைத் திறக்கவில்லை.

விடை கிடைத்தது ஒரு சனிக்கிழமை மதியம். அன்று வகுப்பு இழுத்துக்கொண்டே போனது. குழுமத்துக்குள் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு விற்ற சரக்கு இன்னும் கிடங்கிலேயே இருந்தால், அதன் இலாபத்தைக் கழிக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். வெளியாருக்கு விற்காதவரை அது இலாபமே இல்லை. வீட்டுக்குள்ளேயே பொருள் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். கிடங்குச் சரக்கிலிருந்து அந்த இலாபத்தைக் குறைத்து நீல நிறத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பலகையின் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு தோன்றியது.

நான் பேனாவைத் தூக்கினேன். கோடு நிற்கவில்லை. வளைந்தது. திரும்பியது. தடித்த, நடுங்கும் பச்சை எழுத்தில், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே யோசித்து யோசித்து, பலகை தானாக எழுதியது:

சோறு ஆறுது

உடனே அரட்டைப் பெட்டியில் செய்திகள் கொட்டின. ஒருவர், "டீச்சர், இது வொர்க்கிங்கா?" இன்னொருவர், "டெபிட்டா கிரெடிட்டா?" கிராஞ்சிக்காரர் முதன்முறையாக மைக்கைத் திறந்தார். "டீச்சர், நான் அதையும் நோட்ஸ்ல எழுதிக்கிட்டேன். எழுதணுமா வேணாமா?"

"அஞ்சு நிமிஷம் பிரேக்" என்று சொல்லி, குரலை அணைத்துவிட்டு, கூடத்துக்கு ஓடினேன்.

மாமியார் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி. மடியில் என் பழைய டேப்லட். வலது ஆட்காட்டி விரல் இன்னும் திரைமேல் இருந்தது.

"வந்துச்சா?" என்றார்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேயில்லை. செம்பவாங்கில் தனியாக இருந்தவர். மாமனார் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்து அங்கேயே ஓய்வுபெற்றவர். அவர் போன பிறகும் அத்தை அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் எங்களோடு வந்தார். பங்குக் கோவிலில் மாதா சபைக்கு அவர்தான் தூண், கூரை, ஒலிபெருக்கி எல்லாம். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று, நான் புது டேப்லட் வாங்கியபோது பழையதை அவரிடம் கொடுத்தேன். பூசைப் பாட்டு கேட்கட்டும் என்று. கொடுக்கும்போது ஒன்றைச் செய்ய மறந்தேன். அதில் என் கணக்கிலிருந்து வெளியேறவில்லை.

"நீதானே சொன்ன, கிளாஸ் நடக்கும்போது கதவைத் தட்டக் கூடாதுன்னு. அதுல பேசினா ரெக்கார்ட் ஆயிடும்னு. அதான் எழுதினேன்" என்றார் அத்தை. "போன வாரமும் கோடு போட்டேன். நீ அழிச்சிட்ட."

ஆமாம். உள்ளங்கை பட்டு விழுந்த கோடு என்று நினைத்து அழித்திருந்தேன். வெண்பலகைச் செயலி இரண்டு கருவியிலும் ஒரே கணக்கில் திறந்திருந்தது. அவர் திறந்தால் நான் கடைசியாக எழுதிய பலகைதான் திறக்கும். அவர் எழுதுவது என் பலகையிலும் வரும்.

அப்போதுதான் என் மண்டையில் இன்னொரு விளக்கு எரிந்தது.

"அத்தை, இதுல என் பாடமும் வருதா?"

"வருதே. நீதான் அனுப்புறியே வாராவாரம். செவ்வாக்கிழம ஒண்ணு, சனிக்கிழம ஒண்ணு. டீ குடிச்சிக்கிட்டே பாப்பேன்."

"நான் அனுப்பல, அத்தை."

"அப்புறம் எப்படி வருது?" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "மருமவ வாயால கூப்பிட்டுச் சொல்லலன்னாலும் அனுப்பி வெக்கிறாளேன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. அதனாலதான் குரூப்ல போட்டேன்."

"எந்த குரூப்?"

"மாதா சபைதான். அங்க எல்லாருக்கும் புள்ளைங்க படிக்குதுல்ல? கஷ்டப்படுதுங்க. நம்ம வீட்டுல ஒரு டீச்சர் இருக்கும்போது சும்மா இருக்கலாமா?"

உலகத்தையே ஆட்டிவைத்த கணக்கியல் கடத்தல் கும்பல், ஜெபமாலையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தது. பெரிய அம்பு ஒன்றைத் தொட்டால் இணைப்பு போகும் என்று பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் கற்றுக்கொண்டாராம். இணைப்பு கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருந்தது என் அமைப்பு. மாணவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன்.

மாலையில் கணவரிடம் சொன்னபோது, "அட, உனக்குத் தெரியாதா? நான் அந்த குரூப்ல இருக்கேனே, கிட்டார் வாசிக்கிறதுக்காகச் சேர்த்தாங்க. நீதான் அனுப்பச் சொன்னன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் திருடு போகுதுன்னு சொன்னப்போ?"

"அது வேற திருட்டுன்னு நெனச்சேன்."

இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன்.

ஆனால் என் பெரிய கவலை அது இல்லை. பழைய பதிவுகள். அந்தக் கணக்கில் நான் இணையத்தில் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் இருந்தன. அதில் ஒரு பாடம், எதிர்பாராக் கடப்பாடுகள் பற்றியது. கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று மாணவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் பகுதி. வருமா வராதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத, வருவது நம் கையிலும் இல்லாத ஒரு சுமை. அதை எப்படி விளக்குவது? அத்தை அப்போது செம்பவாங்கில் இருந்தார். "வர்றேன் வர்றேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதிவில் உற்சாகமாகச் சொல்லியிருந்தேன்:

"உங்க மாமியார் ஊரிலேர்ந்து வந்து உங்களோடயே தங்கலாம், தங்காமலும் போகலாம். உங்க கையில இல்ல. அப்படின்னா கணக்குல ஏத்தாதீங்க. குறிப்புல மட்டும் எழுதுங்க. பெட்டி கட்டியாச்சு, டாக்ஸி புக் பண்ணியாச்சுன்னா, இனிமே அது நிச்சயம்தான். உடனே புரவிஷன், அதான் ஒதுக்கீடு, எழுதிடுங்க!"

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்த பாடம். அந்தப் பகுதியில் என் வகுப்பில் யாரும் தவறுவதில்லை.

"அத்தை, பழைய பாடம் எல்லாமும் பாத்தீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எல்லாம் பாத்தேனே" என்றார் அத்தை, கீரையை ஆய்ந்துகொண்டே. "எல்லாம் நல்லா இருந்துச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கீரையைப் பார்த்தார்.

அடுத்த சில நாட்கள் என்னை வாட்டி எடுத்துவிட்டார். மிக்சி சத்தம் போட்டால், "இதை ரைட் ஆஃப் பண்ணி, கணக்குலேர்ந்தே எடுத்துடலாமா?" என்பார். மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டிய நாளில், "நான் வருவேனோ மாட்டேனோ, உனக்கு நிச்சயமில்ல. குறிப்புல எழுதிக்கோ" என்பார். மாதா சபை மாமி ஒருத்தி லிஃப்டில் என்னைப் பார்த்து, "புரவிஷன் எழுதியாச்சா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக, அந்தப் பாடத்தைப் பார்த்தவர் அத்தை மட்டும் இல்லை. பங்குக் கோவிலே பார்த்திருந்தது.

நான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அத்தையோ ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தன் தீர்ப்பைச் சொன்னார். "அந்தப் புள்ளைங்க பரிட்சைக்கு முன்னாடி ஒரே ஒரு கிளாஸ் உன்கிட்ட நேரடியா கேக்கட்டும். சும்மா எல்லாம் வேணாம், சபையிலேர்ந்து தர்றோம். அதுக்கப்புறம் நான் எதையும் யாருக்கும் அனுப்பமாட்டேன்."

"சரி அத்தை."

"நானும் உக்காருவேன்."

மறுக்க எனக்கு என்ன தகுதி இருந்தது?

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மறுபார்வை வகுப்பு நடந்தது. செவ்வாய், சனி, மாதா சபைப் பிள்ளைகள் என்று மூன்று கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது. அத்தை என் பக்கத்தில் நாற்காலி போட்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேமரா இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் புடவையை மாற்றவில்லை.

பணப்பாய்வு, தேய்மானம், குழுமக் கணக்கு என்று முன்வருடக் கேள்விகளைப் போட்டுக்கொண்டே வந்தேன். முடிக்கப்போகும் நேரம், "வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றேன்.

"எனக்கு இருக்கு" என்றார் அத்தை, மைக்குக்கு அருகில் குனிந்து.

அரட்டைப் பெட்டி துள்ளி எழுந்தது. "சோறு ஆன்ட்டி!" என்று சனிக்கிழமைக்காரர் ஒருவர் எழுதினார்.

"அந்த வருமா வராதான்னு தெரியாத விஷயம் ஒண்ணு சொன்னியே, பழைய பாடத்துல. மாமியாரு செம்பவாங்குல இருந்தப்போ குறிப்புல மட்டும் எழுதணும்னு சொன்ன. சரி. இப்ப மாமியாரு வந்துட்டா. பெட்டியெல்லாம் பிரிச்சு வெச்சாச்சு. இப்ப கணக்குல ஏத்தியாகணும்ல? எந்தப் பக்கம் ஏத்துவ?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி என்னையே பார்த்தது. மெய்யாகவே ஒரு மாணவி எழுந்து நின்று கேட்ட கேள்வி மாதிரி அது நியாயமாகவும் இருந்தது. உறுதியில்லாதது உறுதியானால் அதைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

பலகையில் ஒரு பெரிய T வரைந்தேன். இடது பக்கம் பேனாவை வைத்தேன். "சொத்து, அத்தை" என்று சொல்லி எழுதினேன்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். எதிர்காலத்துல நன்மை வரும், நம்ம கட்டுப்பாட்டுல..." அங்கே நிறுத்திக்கொண்டேன். சொத்துக்கான இலக்கணத்தில் கட்டுப்பாடு என்று ஒரு நிபந்தனை உண்டு. அத்தை யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. நல்லவேளை, யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"தேய்மானம் எழுதுவியா?" என்றார் அத்தை, வலது முழங்காலைத் தடவிக்கொண்டே.

இதற்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "எழுதமாட்டேன். நீங்க நிலம் மாதிரி. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது."

அத்தை முகம் மலர்ந்தது. மாதா சபைப் பிள்ளைகள் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். வெற்றியோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது மைக்கைத் திறந்தார் கிராஞ்சிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால் அவருக்கு நல்ல சிக்னல்.

"டீச்சர், ஒரு டவுட். சிங்கப்பூர்ல நிலம் பெரும்பாலும் லீஸ்தானே? லீஸ் நிலத்துக்குத் தேய்மானம் உண்டுல்ல?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. கேள்வித்தாளில் வந்தால் முழு மதிப்பெண். அந்த ஒரு நிமிடம் அவருக்கு நான் குறைந்த அளவில் பதிவு அனுப்பியதற்காக வருந்தினேன்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மூக்குக்கண்ணாடி விழுந்துவிடும்போல் சிரித்தார். "நல்லா படிச்சிருக்கான்டி இவன்!" என்றார். "தேஞ்சா தேயட்டும் தம்பி. லீஸ் இன்னும் பாக்கி இருக்கு." நானும் சிரித்தேன். மைக்கைத் திறந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதிவைக் கேட்டால் கடைசிப் பகுதியில் பாடமே இருக்காது, சிரிப்பு மட்டும்தான்.

வகுப்பு முடிந்து கருவியை அணைத்த பிறகு, "அத்தை, அந்தப் பாடம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதை எடுத்துடாதே" என்றார் அவர், எழுந்துகொண்டே. "அந்தப் பாடம்தான் எனக்கு முழுசா புரிஞ்சுது. எங்க மாமியாரை நெனச்சுக்கிட்டேன்."

பழைய டேப்லட்டில் என் கணக்கிலிருந்து வெளியேறி, அத்தைக்கு அவர் பெயரிலேயே ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். பதிவுகளுக்கு ஆளுக்கொரு அனுமதி என்று மாற்றினேன். மாதா சபைப் பிள்ளைகள் சிலர் அடுத்த பருவத்துக்கு முறையாகவே சேர்ந்தார்கள். தேர்வு முடிவுகள் வந்தபோது கிராஞ்சிக்காரர் தேறிவிட்டார். நாற்றுப்பண்ணையிலிருந்து ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைக் கொண்டுவந்து, கதவருகே வைத்துவிட்டு, முகம் காட்டாமலே போய்விட்டார்.

பச்சை எழுத்து நின்றுபோனதைத்தான் மாணவர்களால் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி எங்க?" என்று வாரந்தோறும் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அடுத்த தேர்வுக் காலத்தில் அத்தைக்கு ஒரு பொறுப்பு கொடுத்தேன். வகுப்புக்கு வருபவர்களைக் காத்திருப்பு அறையிலிருந்து உள்ளே அனுமதிக்கும் வேலை. நான் பலகையைத் திறந்து பேனாவைத் தயார்செய்வதற்குள், அவர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடுவார்.

முதல் நாளே வகுப்பு தொடங்கிப் பாதி நேரம் ஆகியும் பாதிப் பேர் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வெறும் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைத்திருந்தவர்களை எல்லாம் அத்தை வெளியிலேயே நிறுத்திவைத்திருந்தார். "அம்மா அப்பா வெச்ச பேரு இல்லாம என்ன இது?" என்றார்.

"இந்த மாதிரிப் பேருல யாரையுமே விடலையா அத்தை?"

"ஏன், ஒருத்தங்களை மட்டும் மரியாதையா மொதல்லயே உள்ள விட்டேனே" என்று திரையைக் காட்டினார்.

எப்போதும் அம்மாவின் கைப்பேசியை இரவல் வாங்கி வகுப்புக்கு வரும் செவ்வாய்க்கிழமைப் பையன் ஒருவன், கேமராவை அணைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெரியாத அந்தக் கறுப்புக் கட்டத்தில் "மம்மி போன்" என்று மட்டும் இருந்தது.

"இந்த வயசுலயும் படிக்க வந்திருக்காங்க பாரு" என்றார் அத்தை.